மூக்கு சர்ஜரி ஆலோசனைக்குப் படம் கொண்டுபோனவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

கயல்_திருச்சி
மூக்கு சர்ஜரி பற்றிப் பேச அடுத்த மாதம் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கப் போகிறேன். எனக்கு மூக்குத்தண்டில் ஒரு மேடு, நுனி கொஞ்சம் உருண்டை. ஒரு நடிகையின் படங்களைப் போனில் சேர்த்து வைத்திருக்கிறேன். அவர் முகம் வேண்டும் என்றில்லை, அந்த மூக்கு பிடிக்கும், அவ்வளவுதான். காட்டினால் டாக்டர் தப்பாக நினைப்பாரா? காட்டியவர்களுக்கு என்ன நடந்தது?

ராஜேஷ்
பயப்படாமல் காட்டுங்க சிஸ்டர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் உங்கள் முகத்தையே மாற்றிக் காட்டிவிடுவார்கள், அதை அப்படியே செய்து தருவார்கள். போனிலேயே பக்கத்தில் வைத்து நாலு கோணத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் போதும். என் நண்பன் அப்படித்தான் போனான்.

மீனா_கோவை
கயல், நான் நடிகை படத்தோடுதான் போனேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தப் படத்தில் கண்ணையும் வாயையும் மறைத்துவிட்டு, மூக்கை மட்டும் விட்டுவைத்தார். "இப்போது சொல்லுங்கள், இதில் எது பிடிக்கிறது?" என்றார். முகம் மறைந்ததும் பாதி ஈர்ப்பு போய்விட்டது. கடைசியில் நான் சொன்னது ஒன்றே ஒன்று: பக்கவாட்டில் பார்த்தால் தண்டு நேராக இருக்கிறது, மேடு இல்லை. நுனியின் கூர்மையைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை என்பதே அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் என் மூக்கு நுனியை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தார். என் தோல் தடிமன். உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கினாலும் மேலே தடித்த தோல் கனமான போர்வை மாதிரி அதை மூடிவிடும், அந்தப் படத்தில் இருக்கும் கூர்மை உங்களுக்குத் தெரியவே தெரியாது என்று நேராகச் சொன்னார். மெல்லிய தோல்காரர்களுக்கு வேறு தொல்லையாம். சின்ன மேடு பள்ளம்கூட வெளியே காட்டிக் கொடுத்துவிடும்.

அதைவிட உபயோகமாக இருந்தது அவர் கேட்ட அடுத்த கேள்வி: "உங்கள் வீட்டில் யாருடைய மூக்கு உங்களுக்குப் பிடிக்கும்?" என் அத்தையின் பழைய படம் போனில் இருந்தது. அதே அகலம், அதே நுனி, ஆனால் தண்டில் மேடு கிடையாது. அதைப் பார்த்ததும் டாக்டர், "இது உங்கள் எலும்புக்கும் தோலுக்கும் எட்டக்கூடிய மூக்கு" என்றார். மேட்டைச் சீவுவது, நுனிக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுப்பது, மூக்கு மடலைத் தொடாமல் விடுவது என்று முடிவானது. கண்ணாடியில் பார்த்தால் இன்றைக்கும் நான் எங்கள் வீட்டுப் பெண்தான், அந்த மேடு மட்டும் இல்லை.

நசீமா_பானு
நான் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மையத்தில் பல வருடம் நோயாளிகளைப் படம் எடுக்கும் வேலையில் இருந்தவள். ராஜேஷ் தம்பி சொன்னதில் இரண்டு விஷயத்தை மட்டும் திருத்துகிறேன்.

முதலாவது செல்ஃபி. கைநீளத்தில் எடுத்தால் காமிராவுக்குக் கிட்டே இருக்கும் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். 2018-இல் அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. இல்லாத அகலத்தைக் குறைக்கச் சொல்லி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஐந்தடி தள்ளி நின்று வேறொருவர் எடுக்கட்டும். காமிரா உங்கள் மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும், ஃபில்டர் கூடாது, சிரிக்கவும் கூடாது. நேர், இரண்டு பக்கவாட்டு, இரண்டு முக்கால் கோணம், தலையை அண்ணாந்து கீழிருந்து ஒன்று. சிரிக்கும்போது நுனி கீழே இறங்குகிறது என்றால் சிரித்தபடி பக்கவாட்டில் தனியாக ஒன்று எடுங்கள். நடிகை படத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். மேக்கப், மேலிருந்து விழும் விளக்கு, எடிட்டிங் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த மூக்கு.

இரண்டாவது, கம்ப்யூட்டரில் காட்டுவது. திரையில் தோலுக்குத் தடிமன் கிடையாது, காயம் ஆறும்போது உள்ளே இறுகும் தழும்பும் கிடையாது. அது நீங்களும் டாக்டரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறீர்களா என்று பார்ப்பதற்கு. திரையில் நன்றாக வந்ததும் "இதில் எது என் மூக்கில் வராமல் போகலாம்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசிக்காமல் "எல்லாம் வரும்" என்றால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

சரவணன்
எனக்குக் கிரிக்கெட் பந்து பட்டு மூக்கு கோணியது. நடிகர் படமெல்லாம் தேவைப்படவில்லை, அடிபடுவதற்கு முன் எடுத்த கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோனேன். டாக்டர் அதை வைத்தே எலும்பு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று காட்டினார். ஆனால் நடுச்சுவரும் வளைந்திருந்ததால் முதல் கேள்வியே மூச்சு பற்றித்தான். கயல், உங்களுக்கு மூச்சு விட ஏதாவது சிரமம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மூக்கை ரொம்பக் குறுக்கினால் மூச்சு அடைக்கும்.

லதா_மகேஷ்
நம் படங்களைக் கொடுத்தால் நெட்டில் போட்டுவிட மாட்டார்களா? எனக்கு அந்தப் பயம்தான்.

நசீமா_பானு
லதா, சிகிச்சைப் பதிவுக்குச் சம்மதம் வேறு, விளம்பரத்துக்குச் சம்மதம் வேறு. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள், இரண்டாவதை மறுத்தாலும் சிகிச்சை நடக்கும்.

விக்னேஷ்_மதுரை
எங்கள் சித்தி பையன் ஒரு ஹீரோ படத்தைக் காட்டி, தாடை, மூக்கு, கண் எல்லாம் அப்படியே வேண்டும் என்றான். டாக்டர் செய்ய முடியாது என்று சொல்லி மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் கோபம். காசு கொடுக்கிறோம், செய்ய வேண்டியதுதானே?

நசீமா_பானு
விக்னேஷ் தம்பி, அந்த டாக்டர் மேல் கோபப்படாதீர்கள். மற்றவர் கண்ணுக்கே தெரியாத குறையை நினைத்துத் தினமும் மணிக்கணக்கில் கண்ணாடி பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூக்கைத் திருத்தினால் கவலை வேறு இடத்துக்கு நகரும், தீராது. உங்கள் தம்பிக்கு அதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆலோசகரைப் பார்க்க அனுப்பியது சரியான படிதான்.

மீனா_கோவை
அக்கா, நடிகை படமே கொண்டுபோக வேண்டாம் என்கிறீர்களா? எனக்கு அதிலிருந்துதான் பேச்சே ஆரம்பித்தது.

நசீமா_பானு
கொண்டுபோகட்டும். ஒரே ஆளின் பத்துப் படம் வேண்டாம் என்கிறேன். முகவாக்கும் தோல் நிறமும் நம்மைப் போலவே இருக்கும் இரண்டு மூன்று பேரின் படம், கூடவே "இப்படி ஆகிவிடக் கூடாது" என்று ஒன்று. வேண்டாதது எது என்று தெரிந்தால் டாக்டருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். முகவாயையும் கவனியுங்கள். அது உள்ளே தள்ளி இருந்தால் சாதாரண மூக்குகூடப் பெரிதாகத் தெரியும்.

கயல்_திருச்சி
ரொம்ப நன்றி எல்லோருக்கும். தாளை வைத்து மறைத்துப் பார்த்தேன். எனக்கும் பக்கவாட்டு மேடுதான் உறுத்துகிறது, நுனி அவ்வளவாக இல்லை. பெரியம்மா படம் ஒன்று தேடி எடுத்திருக்கிறேன். மீனா அக்கா, உங்களுக்கு வீக்கம் எப்போது வடிந்தது? இடது பக்கம் மூக்குத்தி இருக்கிறது, அது என்ன ஆகும்?

மீனா_கோவை
மேலே ஒட்டிய பிளாஸ்டரை ஒரு வாரத்தில் எடுத்தார்கள். அன்றைக்குப் படம் எடுத்து எதனோடும் ஒப்பிடாதீர்கள். தண்டு சீக்கிரம் தெளிந்துவிட்டது. நம்மைப் போலத் தடித்த தோலுக்கு நுனி வடிய ஒரு வருடமோ அதற்கு மேலோகூட ஆகும் என்றார் டாக்டர், எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. மூக்குத்தியை சர்ஜரிக்கு முன்பே கழற்றச் சொன்னார்கள். திரும்ப எப்போது போடலாம், துளை தூர்ந்துவிடுமா என்பதை உங்கள் டாக்டரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். என் துளை தூர்ந்து, மறுபடி குத்த வேண்டியதாயிற்று.