ஹீட் மேப் முழுக்கப் பச்சை, ஆனாலும் 3ஆம் அறையில் டேப்லெட் இணைப்பு அறுகிறது

குமரன்_நெட்: சின்ன கிளினிக், தரைத்தளம் மட்டும், காரிடாரின் இரு முனையிலும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்ட். லேப்டாப்பில் NetSpot போட்டு சர்வே எடுத்தேன், 5 கிகாஹெர்ட்ஸ் மேப்பில் எங்கும் -60 dBm-ஐ ஒட்டிப் பச்சையாகத்தான் இருக்கிறது (படம் இணைத்திருக்கிறேன்). ஆனால் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் உள்ள 3ஆம் அறையில் டாக்டரின் டேப்லெட் அடிக்கடி துண்டாகிறது. என்ன காரணம்?

வயர்மேன்77: இரண்டு பாயிண்டிலும் பவரை முழுசாக ஏற்றி விடுங்கள், சரியாகிவிடும்.

செல்வி_ஃபார்மசி: எங்கள் கடையிலும் இதே தொல்லை, பில் போடும்போது நெட் இழுக்கிறது. பிளானை மாற்றினால் சரியாகுமா?

பழைய_சர்வேயர்: செல்வி அக்கா, உங்களுடையது வேகப் பிரச்சினை, அதைத் தனிப் பதிவாகப் போட்டுக் கேளுங்கள்.

குமரன், உங்கள் படத்தில் நடந்த தடம் கோடாகத் தெரிகிறது, அது காரிடாரை விட்டு விலகவே இல்லை. அறைகளுக்குள் இருக்கும் பச்சை அளந்தது இல்லை, பக்கத்துப் புள்ளிகளை வைத்து சாஃப்ட்வேர் ஊகித்துப் பூசியது. நடுவில் ஈயத்தகடு பதித்த எக்ஸ்ரே சுவர் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? 3ஆம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, நான்கு மூலையிலும் டாக்டர் மேசையிலும் நின்று நின்று அளவெடுங்கள். அப்படியே டேப்லெட்டிலும் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு அதே இடங்களில் பாருங்கள், பெரும்பாலும் லேப்டாப்பை விடக் குறைவாகத்தான் காட்டும். -67க்குக் கீழே போனால் உஷார்.

பவரை ஏற்றினால் மேப் இன்னும் பச்சையாகும், அவ்வளவுதான். டேப்லெட் பதில் அனுப்புவது தன் சின்ன ரேடியோவில், அதன் பலம் இதனால் ஏறாதே.

வயர்மேன்77: எங்கள் குடோனில் ஏற்றித்தான் சரியானது.

பழைய_சர்வேயர்: குடோன் திறந்த வெளி, அங்கே சரியாகியிருக்கலாம். இங்கே ஈயம் நிற்கிறது தம்பி.

குமரன்_நெட்: அளந்துவிட்டேன் சார். கதவு சாத்தியிருக்கும்போது மேசையில் லேப்டாப் -71, டேப்லெட் -78. கதவைத் திறந்தால் டேப்லெட் -69. மேப்பில் மஞ்சள் -75க்குத்தான் ஆரம்பிக்கிறது, அதனால் -71கூடப் பச்சைதான்.

பழைய_சர்வேயர்: வண்ண எல்லையை -67க்கு மாற்றுங்கள், அப்புறம் மேப் உண்மை பேசும். 3ஆம் அறைக்குள்ளேயே குறைந்த பவரில் ஒரு பாயிண்ட் வையுங்கள், கேபிள் இழுத்து. மெஷ் வேண்டாம், அந்தச் சுவரைத் தாண்ட அதுவும் திணறும்.

குமரன்_நெட்: ஒரு பழைய பாயிண்டைத் தற்காலிகமாக வைத்தேன், டேப்லெட் -52, காலையிலிருந்து ஒருமுறையும் அறவில்லை. ஆனால் மருந்து கவுன்டரில் -58 இருந்தும் சாயங்காலம் மட்டும் துண்டாகிறது.

பழைய_சர்வேயர்: சிக்னல் நன்றாக இருந்து நேரம் பார்த்துத் துண்டானால் இந்த மேப் உதவாது. அங்கே டேப்லெட் 2.4க்குத் தாவுகிறதா பாருங்கள். சாயங்காலமே ஸ்கேன் எடுத்து, அக்கம்பக்கத்தார் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்று போடுங்கள்.