ஒரே உமிழ்நீர், 39 யூனிட்டும் 120 யூனிட்டும்

சோதனைக்குழாய்

உமிழ்நீரில் ஸ்டார்ச்சை உடைக்கும் அமிலேஸ் என்சைமை அளக்கப் போய், போன வாரம் செய்த கூத்தை எழுதுகிறேன். என் உமிழ்நீரைத்தான் சாம்பிளாக எடுத்தேன். ஸ்டார்ச் கரைசல் 1 மில்லி (அதில் 1 மில்லிகிராம் ஸ்டார்ச்), பஃபர் 0.9 மில்லி, 20 மடங்கு நீர்த்த உமிழ்நீர் 0.1 மில்லி. 37 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, அமிலம் கலந்த அயோடினை ஊற்றி நிறுத்தினேன். கன்ட்ரோல் குழாயில் அயோடினை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம்தான் உமிழ்நீர். 620 நானோமீட்டரில் நீலத்தின் ரீடிங் கன்ட்ரோலுக்கு 0.80, டெஸ்டுக்கு 0.02.

நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் ஸ்டார்ச்சின் நீலத்தைப் போக்கினால் 1 யூனிட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மில்லிக்கு 39 யூனிட் வந்தது. மிச்சமிருந்த உமிழ்நீரை 200 மடங்கு நீர்த்து மறுபடி செய்தேன். டெஸ்ட் 0.56. கணக்கு 120 யூனிட்! பிப்பெட்டைச் சந்தேகப்பட்டு மூன்று முறை செய்துவிட்டேன், மாறவே இல்லை.

நீலக்கறை

எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. எங்கள் லேபில் நிறம் முழுக்கப் போகும் வரை காத்திருந்து, அந்த நேரத்தைத்தான் குறிப்போம். நிறம் போனால் ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தம், அதனால் 0.02 வந்த ரீடிங்தான் நம்பகமானது என்பேன். 200 மடங்கு நீர்த்ததில் வேலை பாதியில் நிற்கிறது.

பழைய கலரிமீட்டர்

நேரத்தைக் குறிப்பது நல்ல முறைதான், ஆனால் சர்க்கரை விஷயத்தில் சறுக்கிவிட்டீர்கள். நீண்ட சங்கிலி சுருளாக நிற்கும்போதுதான் அயோடின் உள்ளே புகுந்து நீலம் காட்டுகிறது. அமிலேஸ் அந்தச் சங்கிலியை நடுவில் வெட்டினாலே நீலம் ஊதாவாகும், பிறகு செம்பழுப்பு, பிறகு நிறமே இல்லை. அந்தக் கட்டத்திலும் குழாயில் இருப்பவை பெரும்பாலும் குட்டைச் சங்கிலிகள்தான். அதனால் 'இத்தனை மில்லிகிராம் ஸ்டார்ச்' என்று நாம் எழுதுவது உண்மையில் இத்தனை மில்லிகிராமுக்குரிய நீலம் போயிற்று என்பதுதான்.

இப்போது 39-க்கு வருவோம். 200 மடங்கில் (0.80 − 0.56) ÷ 0.80 = 0.30. அதாவது 0.30 மில்லிகிராம், 5 நிமிடத்தில். நிமிடத்துக்கு 0.06. அது 0.1 மில்லிக்கு, ஒரு மில்லிக்கு 0.6, 200 ஆல் பெருக்கினால் 120. இதே உமிழ்நீர் 20 மடங்கில் நிமிடத்துக்கு 0.6 மில்லிகிராமைத் தின்னும். குழாயில் இருந்ததே 1 மில்லிகிராம்தான். இரண்டு நிமிடத்துக்குள் தட்டு காலி! மீதி மூன்று நிமிடம் என்சைம் சும்மா இருந்தது, நீங்கள் அதையும் வேலை நேரமாகக் கணக்கில் சேர்த்து 5 ஆல் வகுத்துவிட்டீர்கள். பிப்பெட் பாவம்.

சரிபார்க்க ஒரு வழி: 400 மடங்கு நீர்த்துச் செய்யுங்கள். 0.68 பக்கம் வந்தால் மறுபடி 120 கிடைக்கும், அப்போது நம்பலாம். நான் நிற இழப்பை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக விடுவதில்லை.

காலைக்காப்பி

என் கதை வேறு. எனக்குக் கன்ட்ரோலே வெளுத்துவிட்டது. கொதிக்கவைத்துக் கரைத்த ஸ்டார்ச்சை ஆறவிடாமல் அயோடினை ஊற்றியிருக்கிறேன். குழாய் ஆறியதும் நீலம் தானாகத் திரும்பி வந்தது, பயந்தே போனேன். ஆமாம், ரத்த அமிலேஸ் ரிப்போர்ட்டில் வரும் யூனிட்டும் இதுவும் ஒன்றுதானே? அப்படியானால் 120 என்றால் நார்மலா?

பழைய கலரிமீட்டர்

ஒன்றில்லை. அது வேறு வினைப்பொருளை வைத்து அளக்கும் யூனிட், சாம்பிளும் சீரம். இந்த 120-ஐ அந்த ரிப்போர்ட்டின் பக்கத்தில் வைக்கவே கூடாது. நாம் வைத்த யூனிட்டோடு 37 டிகிரி, பி.எச். 6.8, பஃபரில் உப்பு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். குளோரைடு இல்லாவிட்டால் அதே உமிழ்நீர் மந்தமாகிவிடும்.

சோதனைக்குழாய்

400 மடங்கு செய்துவிட்டேன். 0.69. கணக்கு 110. பரவாயில்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய கலரிமீட்டர்

இழப்பு சிறிதாகும்போது 0.01 பிசகினாலே பத்து யூனிட் ஆடும். 5 நிமிடத்தை 10 ஆக்கிப் பாருங்கள்.

நீலக்கறை

ஒரு சந்தேகம். உமிழ்நீர் நிறையச் சுரக்கும்போது எடுத்தால் மில்லிக்கு எத்தனை என்ற எண்ணே மாறுமே. மில்லிக்கு எழுதுவதா, நிமிடத்தில் சுரந்த மொத்தத்துக்கு எழுதுவதா?

காலைக்காப்பி

மில்லிகிராம் புரதத்துக்கு எழுதச் சொல்லி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழைய கலரிமீட்டர்

புரதத்துக்கு எழுதினால் நீர்த்துப்போன குழப்பம் குறையும், ஆனால் உமிழ்நீர்ப் புரதத்தில் அமிலேஸே கணிசமான பங்கு. நான் இரண்டையும் எழுதிவைக்கிறேன், எது சரி என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.