‘அப்பா போலே’ என்று படித்துவிட்டேன்: மொழி கலந்து எழுதிய குறிப்புகளை மாற்றிய அனுபவங்கள்

பட்டர்வொர்த் பேத்தி

பாட்டியின் நோட்டை ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கோலாலம்பூரில் இருக்கும் மாமா பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வரியில் வரும், எல்லாமே தமிழ் எழுத்தில், உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி இப்படி இருந்தது:

“லைட் பில் கட்ட இவர் வரவில்லை அப்பா போலே பூவாட் நானே பெர்ரி ஏறிப் போனேன்”

புள்ளி, கமா எதுவும் கிடையாது. நான் “அவரும் அப்பாவைப் போலத்தான்” என்று மாற்றிவிட்டேன். பூவாட் யாரோ ஒரு ஆள் என்று நினைத்தேன். கொள்ளுத்தாத்தாவும் வீட்டுக் காரியம் பார்க்காதவர் போலிருக்கிறது என்று மனத்துக்குள் ஒரு கதையே கட்டிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினால், பாதியிலேயே அம்மா “அப்பா பொலே புவாட்” என்றார். மலாய். என்ன செய்ய முடியும், வேறு வழியில்லை என்பது. தினமும் நானே சொல்வதுதான், கண்ணால் படித்தபோது காதில் விழவே இல்லை. இறந்துபோன ஒருவர் மேல் இல்லாத பழியைப் போட்டுவிட்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

சரி, இப்போது அதை மலாயிலேயே விடுவதா, ஆங்கிலத்தில் மாற்றுவதா?

ஈப்போ ரோடு

எனக்கும் இதே கதைதான். அப்பாவின் குறிப்பில் “அனாக்2 சாக்கிட்” என்று இருந்தது, அது ரோமன் எழுத்தில். இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டேன். நாங்கள் ஐந்து பேர், அந்த முறை அம்மை எல்லாருக்கும் வந்தது. அந்த 2 எண்ணிக்கை இல்லை, சொல்லை இரண்டு தடவை படி என்பதற்கான குறி. அனாக் அனாக், பிள்ளைகள், அவ்வளவுதான். ஒரு உபயோகமான விஷயம்: 1972 மலாய் எழுத்துச் சீர்திருத்தத்தில் அந்த 2-ஐ எடுத்துவிட்டார்கள், அதனால் 2 இருக்கும் பக்கமெல்லாம் 72-க்கு முந்தியது என்று தைரியமாகத் தேதி போடலாம்.

தாள்பேனா

ஈப்போ ரோடு சொல்வதில் பாதிதான் சரி. முறையான எழுத்தில் 2 வேண்டாம் என்றார்கள், ஜனங்கள் விடவில்லை. என் அக்கா மகள் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் அப்படித்தான் எழுதுகிறாள். ‘கெச்சில்’ என்ற சொல்லும் அதே மாதிரிதான். 72-க்கு முன்னால் அதில் சி, எச் இரண்டும் வரும், பிறகு வெறும் சி. பழைய முறையில் படித்தவர் சாகும்வரை எச் போட்டே எழுதுவார். அந்தப் பக்கம் அதற்கு முந்தியது என்று சொல்ல முடியாது. புதிய முறையில் இருந்தால் பிந்தியது என்று ஓரளவு சொல்லலாம், அவ்வளவுதான்.

நான் பல வருஷமாகச் சட்ட வேலைகளுக்கு மொழிபெயர்க்கிறேன். என்னை விடாத வரி ஒன்று, ஒரு பெரியவர் கைப்பட எழுதிய தாளில்: “கடை காசி சின்னவன்.” குடும்பத்தில் காசி என்று அண்ணன் மகன் ஒருவர் இருந்தார். மலாயில் காசி என்றால் கொடு. கடை சின்னவனுக்கா, காசிக்கா? அதே தாளில் மற்ற வரிகளில் அவர் ‘பெரியவனுக்கு’, ‘தங்கச்சிக்கு’ என்று ஒழுங்காக உருபு போட்டிருந்தார். இந்த வரியில் மட்டும் ‘சின்னவன்’ மொட்டையாக நிற்கிறது. பேச்சு மலாயில் காசி டியா, காசி அபாங் என்று அப்படித்தான் வரும், அதனால் ‘கொடு’ பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. ஆனாலும் மொழிபெயர்ப்பில் காசியைக் காசியாகவே விட்டு, கீழே இரண்டு அர்த்தத்தையும் எழுதினேன். ஒன்றைச் சொல்லுங்கள் என்று கோபப்பட்டார்கள். என் சாய்வை மொழிபெயர்ப்புக்குள் நுழைத்தால், படிக்கிறவர் அது பெரியவர் எழுதியது என்றல்லவா நினைப்பார்.

பேத்தி, முதலில் மொழிபெயர்க்காதீர்கள். நோட்டை எழுத்துக்கு எழுத்து, பிழையோடு, வரி முறிகிற இடத்தில் முறித்து ஒரு படி எடுங்கள். பிறகு அதை வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் நோட்டைப் பார்க்காத ஒருவர் காதில் விழும்படி. அப்புறம்தான் எதை வைப்பது என்ற கேள்வி. லைட், பில், பெர்ரி எல்லாம் பாட்டிக்குத் தமிழ்தான், வேறு சொல் அவர் வாயில் இருந்திருக்காது, பேசாமல் மாற்றிவிடலாம். ‘அப்பா பொலே’ அப்படியில்லை. ‘என்ன செய்யறது’ என்று அவரால் எழுதியிருக்க முடியும். அது நோட்டில் வேறு எங்காவது வருகிறதா பாருங்கள்.

பிறை அக்கா

எங்கள் அம்மாவின் சமையல் நோட்டில் “1 கட்டி வெல்லம்”. நான் ஒரு உருண்டை வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன், சப்பென்று இருந்தது. அடுத்த பக்கத்தில் “2 கட்டி அரிசி” என்று பார்த்த பிறகுதான் புரிந்தது, அரிசி ஏது கட்டியாக. பழைய எடை, ஒரு காத்தி, 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

நோட்டைப் படி எடுக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன்னால் படம் பிடித்து வையுங்கள் தங்கச்சி. பிளாஷ் போடாதீர்கள். ஜன்னல் பக்கம் வைத்து வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுங்கள், பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் அழுத்திய தடம் தெரியும். லேமினேட் செய்யவே கூடாது, நான் செய்து கெடுத்தேன், சூட்டில் ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கிவிடும். நம் ஊர் ஈரத்துக்கு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், காகித உறையில் போட்டு சமையலறையை விட்டுத் தள்ளி வையுங்கள். பூச்சி உருண்டையை நோட்டின் மேலேயே போடாதீர்கள்.

செந்தூல்வாசி

அக்கா, அவர் கேட்டது வேறு. என் கருத்து: எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மாற்றுங்கள். நடுநடுவே மலாயை விட்டு, கீழே விளக்கம் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். என் சித்தப்பாவின் கடிதங்களை அப்படித்தான் செய்தேன், ஒரு பக்கத்தில் பதினாலு விளக்கம், வீட்டில் ஒருத்தரும் இரண்டாவது பக்கத்தைத் திருப்பவில்லை.

தாள்பேனா

உங்கள் வீட்டுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் இவருடைய மாமா பிள்ளைகளுக்குத் தெரியாதது தமிழ்தானே, மலாய் தெரியுமே. ‘அப்பா பொலே புவாட்’ அவர்களுக்கு விளக்கமே இல்லாமல் புரியும்.

செந்தூல்வாசி

அவர்கள் பிள்ளைகள் நாளைக்கு மெல்போர்னில் இருப்பார்கள்.

பட்டர்வொர்த் பேத்தி

தாள்பேனா சொன்னபடி தேடினேன். ‘என்ன செய்யறது’ ஆறு இடத்தில் வருகிறது, நான்கு பெரியம்மா இறந்த மாதத்தில். ‘அப்பா போலே’ பதினொரு இடம், எல்லாமே பில், ஆபீஸ், பஸ் வராதது, தாத்தா வராதது. அழும்போது தமிழ், அலுத்துக்கொள்ளும்போது மலாய். இதைப் பார்த்த பிறகு இரண்டையும் ஒரே ஆங்கிலமாக ஆக்க எனக்கு மனசு வரவில்லை. மலாயை அப்படியே வைத்து, முதல் தடவை வருமிடத்தில் மட்டும் அர்த்தம் போட்டேன், மெல்போர்னையும் நினைத்துத்தான். ‘என்ன செய்யறது’ ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அது புரியாதே. அதுதான் வருத்தம்.

தொடர்ந்து படித்ததில் இன்னொன்று: “அண்ணன் பணம் அனுப்பவில்லை தாப்பா”. பரவாயில்லை என்கிற ‘தாக் அப்பா’வை நாம் தாப்பா என்றுதான் சொல்வோம். ஆனால் பெரிய மாமா அந்த வருஷம் பேராவில் தாப்பாவில்தான் வேலையில் இருந்தார். நான்கு தடவை சத்தமாகப் படித்துவிட்டேன், அம்மாவும் கேட்டுவிட்டார். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.