பொருள்: பகடையில் 7 முதல் 9 வரை வந்தால், அதற்கு என்ன சொல்?

மீனா, அல்சூர்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நாலு பேர் முதல்முறையாகக் கதாபாத்திர ஆட்டம் ஆடுகிறோம். கதையை நடத்துவது நான். டன்ஜன் வேர்ல்ட் என்ற ஆட்டத்தின் விதிகளை எடுத்ததற்குக் காரணம், புதியவர்கள் ஒரே கணக்கை நினைவில் வைத்தால் போதும். இரண்டு பகடையை உருட்டி, அந்தக் கதாபாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசமாகும். தமிழில் எழுதும் குறிப்பில் இவற்றுக்கு 'வெற்றி', 'சறுக்கல்' என்று போட்டுவிட்டேன். நடுவில் உள்ளதற்கு 'அரைவெற்றி' சரியா?

சேகர்:
தாராளமாகப் போடுங்கள். பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது, அவ்வளவுதானே? எப்போதாவது வருகிற விளைவுதான்.

பாத்திமா, சிவாஜிநகர்:
என் பையனும் பகடை கேட்டுக்கொண்டே இருக்கிறான். வீட்டில் தாயக்கட்டை இருக்கிறது, அது போதுமா?

இளங்கோ:
பாத்திமா அக்கா, தாயக்கட்டைக்கு நாலு பக்கம்தான், கூட்டல் பொருந்தாது. லூடோ பகடை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சேகர், அதுதான் அதிகம் வரும். திறன் எண் +1 என்றால், இரண்டு பகடை விழக்கூடிய 36 விதங்களில் 16 அந்த நடுப்பகுதிக்குப் போகும். வெற்றிக்கு 10, சறுக்கலுக்கு 10. அதனால் மேசையில் அடிக்கடி காதில் விழப்போகிற சொல் இதுதான்.

'அரை' என்றால் என்ன ஆகும் பாருங்கள். ஒருத்தி கிடங்குச் சுவர் ஏறுகிறாள். 4, 3, திறன் 1, ஆக 8. அரைவெற்றி என்று சொன்னால் அவள், "பாதிச் சுவரில் தொங்குகிறேன், மறுபடி உருட்டட்டுமா?" என்பாள். இப்படியே உருட்டிக்கொண்டிருந்தால் கதை நின்றுவிடும். இந்த இடத்தில் விதி கேட்பது வேறு: "சுவரைத் தாண்டிவிட்டாய். கயிற்றை அங்கேயே விட்டுப் போகிறாயா, நாய் விழித்தாலும் பரவாயில்லை என்று சுருட்டி எடுக்கிறாயா?" கேட்டது கிடைக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது. என் பரிந்துரை 'விலைவெற்றி'.

சேகர்:
சுவருக்குச் சரி. ஆனால் பாத்திரம் தனக்குத் தெரிந்ததை நினைவுகூர உருட்டும்போது 7–9 வந்தால் சுவையான ஒரு தகவல் மட்டும் கிடைக்கும், பயன்படுத்தும் வழி கிடைக்காது. அங்கே விலை எதுவும் இல்லையே?

இளங்கோ:
அது உண்மைதான். அங்கே உங்கள் 'அரை'தான் பொருந்துகிறது.

மீனா:
சரி, 'விலைவெற்றி' என்றே எழுதுகிறேன். முதல் கதை ஒரே இடம், ஒரே நோக்கம்: திருடுபோன விதைநெல்லைக் கிடங்கிலிருந்து மீட்பது. தடைகள் சுவர், நாய், பூட்டிய கதவு. 8 விழுந்ததும் நான் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தடைக்கும் இரண்டு விலையை முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். கதவுக்கு ஒன்று கிடைத்துவிட்டது: திறக்கும், ஆனால் கத்தி பூட்டுக்குள் முறியும். இன்னொன்று யாராவது சொல்லுங்கள். நினைவுகூர்வதற்குத் தனிச் சொல் வேண்டுமா என்பதையும் அப்புறம் பேசலாம்.