ஆடிக் கிருத்திகை ஜூலை 20-ஆ, ஆகஸ்ட் 16-ஆ?

கீழத்தெரு, சிங்கப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். முருகன் கோயில் பாலாபிஷேகத்துக்கும் அன்னதானத்துக்கும் சங்கப் பணத்தை இந்த மாதமே அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து போன் வந்தது. காலண்டரைப் பார்த்தால் இந்த 2025-இல் ஆடிக்குள் இரண்டு கிருத்திகை இருக்கிறது. ஜூலை 20 ஞாயிறு ஒன்று, ஆகஸ்ட் 16 சனி இன்னொன்று. ஆடிப்பூரம் மட்டும் ஒன்றுதான், ஜூலை 28 திங்கள்.

கிருத்திகை முடிந்து எட்டாம் நாள் பூரம் என்பதுதான் நம்மூர் வழக்கம். முதலில் முருகனுக்குக் காவடி, அப்புறம் அம்மனுக்கு வளையல். அப்படிப் பார்த்தால் ஜூலை 20 என்றே எனக்குப் படுகிறது. யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பணத்தை அனுப்பிவிடுகிறேன்.

வடக்குத்தெரு, துபாய்

தம்பி, அவசரப்படாதே. ஒரு மாதத்தில் இரண்டு வந்தால் பின்னால் வருவதைத்தான் எடுக்க வேண்டும். 2023-இல் ஆடி அமாவாசை ஜூலை 17-லும் வந்தது, ஆகஸ்ட் 16-லும் வந்தது. பலரும் ஆடி அமாவாசையாக எடுத்தது ஆகஸ்டில் வந்ததைத்தான். அதே விதிதான் கிருத்திகைக்கும். ஆகஸ்ட் 16.

மேட்டுத்தெரு, டொராண்டோ

வளையல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் மருமகளுக்கு ஏழாம் மாதம். ஆடியில் வீட்டில் வளைகாப்பு வைக்க வேண்டாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். அம்மனுக்கு ஆடிப்பூரத்தன்று சாத்திய வளையலையாவது அவள் கையில் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஊரில் இருப்பவர்கள் யாராவது வாங்கி அனுப்ப முடியுமா? கண்ணாடி வளையல் கூரியரில் உடையாமல் வருமா?

கோயில் தெரு, லண்டன்

தம்பி சொல்வதும் துபாய் மாப்பிள்ளை சொல்வதும் பாதி பாதி சரி. கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் குழப்பம் போய்விடும்.

சந்திரன் இருபத்தேழு நட்சத்திரத்தையும் ஒரு சுற்று சுற்றி வர 27 நாளும் ஏறக்குறைய எட்டு மணி நேரமும் ஆகிறது. ஆடியோ 31 நாள், சில வருடம் 32. ஆக, மாதம் பிறந்து முதல் மூன்று நான்கு நாளுக்குள் ஒரு நட்சத்திரம் வந்துவிட்டால் அது மாதக் கடைசியில் இன்னொரு தடவை தலைகாட்டும். இந்த வருடம் ஜூலை 20 என்பது ஆடி 4. அதோடு 27-ஐக் கூட்டினால் ஆடி 31, அதாவது ஆகஸ்ட் 16. மறுநாள் ஆவணி பிறந்துவிடுகிறது. பூரம் ஆடி 12-இல் வருவதால் அது இரண்டாவது தடவை வர வழியில்லை.

இனி தம்பியின் எட்டு நாள் கணக்கு. கிருத்திகை மூன்றாவது நட்சத்திரம், பூரம் பதினொன்றாவது. அடுத்தடுத்து எண்ணினால் எட்டு சரிதான். போன வருடமும் கிருத்திகைதான் முதலில் வந்தது, ஒரு நாள் மட்டும் கூடியது: கிருத்திகை ஜூலை 29, பூரம் ஒன்பது நாள் கழித்து ஆகஸ்ட் 7. ஆனால் பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள்தான் ஆகிறது. அதனால் வருடத்துக்கு வருடம் இந்த நாட்கள் பத்து நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2022-இல் ஜூலை 23-இல் இருந்த கிருத்திகை, 2023-இல் ஜூலை 13-க்குப் போய் ஆனியில் விழுந்துவிட்டது. ஆடியில் கிடைத்தது அடுத்த சுற்று, ஆகஸ்ட் 9. அந்த வருடப் பூரம் ஜூலை 22. அதாவது அம்மனுக்கு வளையல் போட்டுப் பதினெட்டு நாள் கழித்துத்தான் காவடி எடுத்தோம். ஆகவே எது முதலில் என்று விதி ஒன்றும் கிடையாது.

மாப்பிள்ளை சொன்ன ஆகஸ்ட் 16-ஐத்தான் திருத்தணியிலும் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 14 அசுவினியில் தொடங்கி 18 வரை விழா. ஆனால் அமாவாசையை இதோடு சேர்க்கக் கூடாது. அது திதி, இது நட்சத்திரம். பிறந்த நட்சத்திரம் ஒரு மாதத்தில் இரண்டு வந்தால் பின்னதை எடுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். கோயிலுக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை, அந்தந்தக் கோயில் பஞ்சாங்கத்தையும் வழக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் குருக்கள் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். நம் போனில் வருவது பெரும்பாலும் திருக்கணிதம். இரண்டுக்கும் நட்சத்திரம் பிறக்கும் நேரத்தில் சில மணி வித்தியாசம் வரும். அவரைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

டொராண்டோ அக்காவுக்கு: வளையல் நிச்சயம் கிடைக்கும். ஆனால் நேரத்தைக் கவனிக்க வேண்டும். திருக்கணிதப்படி பூரம் 27-ஆம் தேதி மாலை நாலரை வாக்கில் பிறந்து 28 மாலை ஐந்தரைக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. நம்மூரில் வளையல் அலங்காரம் விளக்கு வைத்த பிறகுதான் நடக்கும். இந்த வருடம் காலையில் அபிஷேகம் முடித்து, மதியத்துக்குள் சாத்திவிடச் சொல்லலாம். அம்மனுக்குச் சரம் சரமாகக் கோத்து, கழுத்திலிருந்து பாதம் வரை தொங்கவிட்டிருப்பார்களே, அதை அவிழ்த்துக் கொடுக்கும்போது சரத்தோடு கேளுங்கள். நூலை அறுக்காமல், துணியைச் சுருட்டி வளையலுக்குள் நுழைத்து, சுற்றிலும் செய்தித்தாள் சுற்றினால் பெரும்பாலும் உடையாது.

வடக்குத்தெரு, துபாய்

மாமா, திதியையும் நட்சத்திரத்தையும் பிரித்துச் சொன்னது சரி. ஆனாலும் மனசு ஆகஸ்ட் 16-இல்தான் நிற்கிறது. 15 வெள்ளி, சுதந்திர தின விடுமுறை, கடைசி ஆடி வெள்ளியும் அதுதான். சென்னை, பெங்களூரில் இருக்கிற பிள்ளைகள் முதல்நாளே ஊருக்கு வந்துவிடலாம்.

தெற்குத்தெரு, மெல்போர்ன்

விரதம் இருப்பவர்கள் வெளிநாட்டில் எப்படி எடுப்பது? பரணியன்று ஒரு வேளை சாப்பிட்டு, கிருத்திகை முழுக்க இருந்து, ரோகிணியில் முடிக்க வேண்டும் என்பார் எங்கள் ஆச்சி. ஊர் நேரமா, இங்கத்து நேரமா?

கோயில் தெரு, லண்டன்

நட்சத்திரம் பிறப்பது உலகத்துக்கெல்லாம் ஒரே கணம், கடிகாரம்தான் வேறு. ஆகஸ்ட் 16-ஐ எடுத்துக்கொண்டால், ஊரில் அன்று காலையில்தான் பரணி கழிந்து கிருத்திகை பிறக்கிறது, மறுநாள் விடியுமுன் முடிகிறது. டொராண்டோ ஒன்பதரை மணி பின்னால். அங்கே 15 இரவே பிறந்துவிடும், 16 பகல் முழுவதும் இருந்து மாலையில் முடியும். அவர்கள் இரவுப் பூஜைக்குக் காத்திருந்தால் அது ரோகிணி. மெல்போர்னில் நாலரை மணி முன்னால். உங்களுக்கு 16 காலையில் பரணிதான், கிருத்திகை முற்பகலில் பிறந்து இரவு முழுக்க இருக்கும். விரதத்துக்கு உங்கள் ஊர் விடியலைப் பார்ப்பதா, நட்சத்திரம் மாலையில் இருக்கிறதா என்று பார்ப்பதா என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆச்சி வழியை விட வேண்டாம் என்பேன்.

கீழத்தெரு, சிங்கப்பூர்

குருக்களிடம் பேசினேன். ஆகஸ்ட் 16-இல் பெரிய அபிஷேகமும் அன்னதானமும். ஜூலை 20-இல் கோயில் சார்பில் எளிமையாக ஒரு பாலாபிஷேகம். காவடி எடுப்பவர்களில் சிலர் மட்டும் 20-ஆம் தேதிக்கு ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டார்களாம், அவர்களை மாற்றச் சொல்ல முடியாது என்கிறார். அவர்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்று முடிவாகவில்லை. வளையலை ஜூலை 28 பகல் பன்னிரண்டுக்குள் சாத்த ஒப்புக்கொண்டார். டொராண்டோ அக்கா, மருமகளின் கை அளவை அனுப்பிவையுங்கள்.