கலைச்சொல்: துணைநூற்பட்டியலில் இரண்டாம் வரி உள்ளே போவதற்கு என்ன பெயர்?

திலகவதி:

ஆய்வு மாணவர்களுக்காக லிபரேஆபிஸ் ரைட்டர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். துணைநூற்பட்டியல் பகுதியில் வந்து ஒரு சொல்லில் நிற்கிறேன். நூற்பதிவின் முதல் வரி ஓரத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் எல்லாம் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும் அல்லவா, ஹேங்கிங் இன்டென்ட் என்பார்களே, அது. "தொங்கும் உள்தள்ளல்" என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் எது எதிலிருந்து தொங்குகிறது என்று மாணவர் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. "வெளித்தள்ளல்" என்று வைத்துவிடலாமா? சின்னச் சொல், உள்தள்ளலுக்கு நேர் எதிர்ச்சொல்லாகவும் இருக்கிறது.

முருகேசன்:

இதற்கெல்லாம் புதுச்சொல் எதற்கு அம்மா? பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளித் தொடங்குவது நாம் பள்ளிக்கூடத்திலேயே செய்ததுதானே. ஒரு டேப் அடித்தால் முடிந்தது. "பத்தித் தொடக்க இடம்" என்று போடுங்கள்.

ரகு:

முருகேசன் ஐயா, அக்கா கேட்பது அதற்குத் தலைகீழான அமைப்பு. இங்கே முதல் வரி அப்படியே நிற்கும், மற்ற வரிகள்தான் நகரும்.

நான் "வெளித்தள்ளல்" பக்கம். காரணம், மென்பொருளே அப்படித்தான் நினைக்கிறது. பத்தி அமைப்புப் பெட்டியில் `First line` என்ற இடத்தில் கழித்தல் குறி போட்டு எண் கொடுக்கிறோம். கழித்தல் என்றால் வெளியே. அப்புறம் பெட்டிக்கே போகத் தேவையில்லை, மேலே இருக்கும் அளவுகோலில் கீழ் முக்கோணத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாலே போதும், முதல் வரி நின்ற இடத்தில் நிற்கும், மற்றவை உள்ளே போய்விடும்.

சுந்தரேசன்:

ரகு தம்பி சொல்லும் அளவுகோல் வழி வேர்டில் சரி. ரைட்டரில் அந்தக் கீழ் முக்கோணத்தைச் சும்மா இழுத்தால் முதல் வரியும் கூடவே நகரும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால்தான் இரண்டாம் வரியிலிருந்து மட்டும் நகரும். கையேடு ரைட்டருக்கு என்பதால் இதைக் கவனியுங்கள்.

"வெளித்தள்ளல்" எனக்கு ஒப்பவில்லை, அதற்கும் அந்தப் பெட்டிதான் காரணம். பெட்டியில் நிரப்ப வேண்டியது இரண்டு எண்கள். `Before text` என்ற இடத்தில் 1.27 செ.மீ., `First line` என்ற இடத்தில் -1.27 செ.மீ. முதல் எண் முழுப் பத்தியையும் உள்ளே தள்ளுகிறது, இரண்டாவது எண் முதல் வரியை மட்டும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் வரி இருக்கும் இடம் சுழியம், அதாவது எங்கும் வெளியே போகவில்லை.

இப்போது ஒரு மாணவர் உங்கள் கையேட்டில் "வெளித்தள்ளல்" என்று படிக்கிறார். நேரே `First line` போய் -1.27 கொடுப்பார், `Before text` சுழியமாகவே கிடக்கும். முதல் வரி பக்கத்தின் ஓர வெள்ளைக்குள் புகுந்துவிடும். இடது ஓரம் 2 செ.மீ. வைத்திருந்தால் ஆசிரியர் பெயர் தாளின் விளிம்பிலிருந்து 0.73 செ.மீ. தூரத்தில் தொடங்கும். பைண்டிங் செய்தால் பெயரின் தலை தைப்புக்குள் போகும். திரையில் இது சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் பட்டியலின் வடிவம் என்னவோ சரியாகத்தான் இருக்கிறது. தலைப்பையும் பதிவின் முதல் எழுத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். பதிவு தலைப்புக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கோளாறுதான்.

ஆகவே நகர்வது எதுவோ அதன் பெயரில் இருக்கட்டும்: "பின்வரி உள்தள்ளல்". இதைப் படிப்பவர் முதலில் தேடுவது உள்ளே தள்ளும் பெட்டியை. அது சரியான பெட்டி.

ரகு:

> முதல் வரி எங்கும் வெளியே போகவில்லை

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "பின்வரி உள்தள்ளல்" நீளம். ஸ்பானியர்கள் இதைப் "பிரெஞ்சு உள்தள்ளல்" என்ற பொருளில் சங்க்ரியா பிரான்சேசா என்று அழைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு விளக்கமும் கிடையாது, ஆனால் எல்லாருக்கும் புரிகிறது. பெயர் என்றால் விளக்கியே ஆக வேண்டும் என்று நாம்தான் பிடிவாதம் பிடிக்கிறோம்.

அனுஷியா (யாழ்ப்பாணம்):

எங்கள் பக்கம் பத்தி என்று சொல்வதில்லை, பந்தி என்போம், அதனால் "பத்தி" சேர்ந்த சொல் எதுவும் வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். "பின்வரி" நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கடைசி வரி என்று யாராவது எடுத்துக்கொள்ள மாட்டார்களா? "தொடர்வரி உள்தள்ளல்" என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

கூடவே ஒரு சிக்கல். என் பட்டியலில் தமிழ் நூல்களும் ஆங்கில நூல்களும் கலந்து கிடக்கின்றன. உள்தள்ளல் எல்லாம் சரியாக வந்துவிட்டது, ஆனால் வரிகளுக்கு இடையே உள்ள வெளி மட்டும் ஒரே மாதிரி இல்லை. தமிழ் வரிகள் அகலமாக விலகி நிற்கின்றன, ஆங்கில வரிகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரே பதிவில் முதல் வரி தமிழாகவும் அடுத்தது இணைய முகவரியாகவும் இருந்தால் இன்னும் மோசம். `Single` என்றுதான் எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறேன்.

சுந்தரேசன்:

அனுஷியா, `Single` என்று கொடுத்ததால்தான் இப்படி. அது ஒரு நிலையான அளவு கிடையாது, அந்த வரியில் உள்ள எழுத்துரு எவ்வளவு உயரம் கேட்கிறதோ அவ்வளவு கொடுக்கும். தமிழ் எழுத்துருக்கள் மேலே கிகரக் கொக்கிக்கும் கீழே கூகாரச் சுழிக்கும் இடம் வைத்திருப்பதால் பெரும்பாலும் கூடுதல் உயரம் கேட்கும். ரைட்டரில் தமிழுக்கு ஒரு எழுத்துரு, லத்தீன் எழுத்துக்கு வேறொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருப்பீர்கள், ஆகவே வரிக்கு வரி மாறும்.

பலர் இதற்கு `Fixed` தேர்ந்தெடுத்துவிட்டு 12 புள்ளி என்று கொடுப்பார்கள். வரிகள் சீராகிவிடும், ஆனால் கொக்கிகளும் சுழிகளும் மேல்கீழ் வரிகளில் முட்டும், சில நேரம் வெட்டுப்பட்டும் போகும். நான் `At least` வைப்பேன். தமிழ் வரிக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிடச் சற்றுக் கூட, 11 புள்ளி எழுத்துக்கு 18 புள்ளி என்பது போல. ஆங்கில வரியும் அந்த 18-க்கு உயரும், தமிழ் வரி அதற்குள் அடங்கும், ஆக இரண்டும் ஒன்றாகிவிடும். எங்காவது ஒரு குறியீடு பெரிதாக வந்தால் அந்த வரி மட்டும் விரிந்து கொடுக்கும், வெட்டாது. உங்கள் எழுத்துருவுக்கு 18 போதாமல் தமிழ் வரி இன்னும் விலகியே நின்றால் 19, 20 என்று ஏற்றிப் பாருங்கள்.

பதிவுக்கும் பதிவுக்கும் இடையே வேண்டிய வெளி வேறு. அதை `Below paragraph` பெட்டியில் 0.21 செ.மீ. (கிட்டத்தட்ட 6 புள்ளி) என்று கொடுக்கலாம். வெற்று என்டர் அடித்து இடம் விட வேண்டாம். பக்கம் மாறும் இடத்தில் அந்த வெற்றுப் பத்தி அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்காரும். எண் கொடுத்தும் இடைவெளி வரவில்லை என்றால் அதன் கீழேயே `Do not add space between paragraphs of the same style` என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குறி விழுந்திருக்கும். எடுத்துவிடுங்கள். ஏபிஏ முறைப்படி கேட்கும் துறை என்றால் கதை வேறு, அங்கே எல்லாமே இரட்டை வரி, பதிவுகளுக்கு இடையே கூடுதலாக எதுவும் கிடையாது.

இதையெல்லாம் பட்டியலைத் தெரிவு செய்து நேரடியாகச் செய்யாதீர்கள். F11 அழுத்தி, பத்திப் பாணிகளில் `Bibliography 1` என்பதைத் திருத்துங்கள். சொடெரோ பயன்படுத்தினால் அது தன் பட்டியலுக்கு இந்தப் பாணியைத்தான் போடும். நீங்கள் கையால் செய்தது அடுத்த புதுப்பித்தலில் காணாமல் போகலாம், பாணியில் செய்தது நிற்கும்.

முருகேசன்:

இப்போது புரிந்தது. நான் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் அடித்து, அடுத்த வரியில் டேப் வைத்துத்தான் இத்தனை காலம் இந்த வடிவத்தைக் கொண்டுவருகிறேன். பார்க்க ஒன்றுதானே? எழுத்துரு மாற்றினால் மட்டும் வரிகள் பாதியில் உடைந்து நிற்கும், அதைத் திரும்ப உட்கார்ந்து சரிசெய்வேன். என்னிடம் இருப்பது வேர்ட்.

சுந்தரேசன்:

ஐயா, வேர்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பட்டியலை மட்டும் தெரிவு செய்துகொண்டு, தேடி மாற்றும் பெட்டியில் தேட வேண்டியதாக இதைக் கொடுங்கள்:

```
^p^t
```

மாற்ற வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வெற்றிடம். என்டரும் டேப்பும் சேர்ந்து வரும் இடங்கள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், பதிவின் உண்மையான முடிவில் டேப் இல்லாததால் அது தப்பிக்கும். பிறகு பட்டியல் தெரிவில் இருக்கும்போதே கன்ட்ரோல்+டி (Ctrl+T), வேலை முடிந்தது. சரி, நீளமான இணைய முகவரியை உடைப்பதற்காக நடுவில் என்டர் வைத்திருந்தால் அதற்குள் ஒரு வெற்றிடம் நுழைந்துவிடும், அதை மட்டும் கண்ணால் பாருங்கள்.

ரைட்டரின் தேடல் இப்படி ஒரு பத்தி முடிவையும் அடுத்த பத்தியின் தொடக்கத்தையும் சேர்த்துப் பிடிக்காது. திலகவதி, இது உங்கள் கையேட்டில் வர வேண்டிய எச்சரிக்கை. இன்னொன்று, பழைய வடிவமைப்பைத் துடைக்க `Clear Direct Formatting` கொடுத்தால் நூல் தலைப்புகளின் சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும். சாய்வுக்கு முன்கூட்டியே எழுத்துப் பாணி போட்டிருந்தால் தப்பும்.

ரகு:

ஒரு சந்தேகம். இந்த அமைப்பே ஆசிரியர் பெயரைக் கண் சட்டென்று பிடிப்பதற்காகத்தானே? நம் பட்டியல்களில் பாதி "உ. வே. சாமிநாதையர்" என்று முன்னெழுத்தில் தொடங்குகின்றன. ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்பது "உ. வே." தான். அகரவரிசையில் தேடுபவர் "சா" எங்கே என்று உள்ளே போய்த் தேட வேண்டும். "சாமிநாதையர், உ. வே." என்று திருப்பிப் போடாமல் உள்தள்ளி என்ன பயன்?

அனுஷியா:

திருப்பிப் போடச் சொன்னால் என் மேற்பார்வையாளர் சண்டைக்கு வருவார். தந்தை பெயரையே முன்னெழுத்தாக வைத்திருக்கும் நமக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது அவர் வாதம். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. `At least` 18 போட்டுப் பார்த்தேன், ஒரு வரியைத் தவிர எல்லாம் நேராகிவிட்டது. அந்த ஒரு வரியில் எங்கிருந்தோ ஒட்டிய வேறு எழுத்துரு இருந்தது.

திலகவதி:

கையேட்டில் "தொடர்வரி உள்தள்ளல்" என்று போடுகிறேன். `Before text` பெட்டியை முதலில் நிரப்பச் சொல்லிவிட்டு, அடுத்து கழித்தல் எண்ணுக்குப் போகிறேன். முதல் இடத்தில் மட்டும் "தொங்கும் உள்தள்ளல்" என்றும் சொல்வார்கள் என ஒரு வரி சேர்ப்பேன், தேடி வருபவர்களுக்கு அது வேண்டும். சுந்தரேசன் ஐயாவின் "பின்வரி"யை விட்டது அனுஷியா சொன்ன கடைசி வரிக் குழப்பத்துக்காகத்தான்.

சுந்தரேசன்:

எனக்கு இன்னும் "பின்வரி" தான். பதிவு ஒரே வரியில் முடிந்தால் தொடர்வதற்கு ஒன்றும் இல்லையே என்று சொல்ல வந்தேன், அப்புறம் பார்த்தால் அதே குறை என் சொல்லுக்கும் இருக்கிறது. போடுங்கள். வரிகளுக்கு இடையே உள்ள வெளிக்கும் பதிவுகளுக்கு இடையே உள்ள வெளிக்கும் இரண்டுக்குமே "இடைவெளி" என்றுதான் வரைவில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை "வரியிடைவெளி", மற்றதைப் "பதிவிடைவெளி" என்று பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாணவர் 18-ஐக் கொண்டுபோய் `Below paragraph` பெட்டியில் போடுவார்.