புதுப்பிப்பு: தள்ளிவைத்த அடலிமுமாப் என்ற மூட்டுவாத ஊசி
முன்பு நான் இங்கே கேட்டது: “நடவில் காலில் முள் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது, நாளை பேனா ஊசி நாள். போடலாமா? போன முறை ஏன் அவ்வளவு எரிந்தது?”

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தவணை தவறினால் மூட்டு வீங்கும் என்று மன்னார்குடி அக்கா எச்சரித்தது பாதி சரிதான், காலையில் விரல்கள் இறுகின. ஆயினும் இம்மருந்து எதிர்ப்பாற்றலைத் தணிப்பதால், ஆன்டிபயாடிக் ஏழு நாளும் முடிந்து, காய்ச்சலும் சிவப்பும் அடங்கும்வரை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். பதினொரு நாள் தாமதமாக ஒரே ஊசி போட்டேன். விட்டதற்கும் சேர்த்து இரண்டு போடக் கூடாது.

எரிச்சலுக்குக் காரணம் குளிர்ந்த மருந்து என்று செவிலியர் தங்கை சொன்னது உண்மை. வெந்நீரிலோ வெயிலிலோ வைக்காமல், மூடியைக் கழற்றாமல், நிழலில் அரைமணி நேரம் வைத்தேன். இன்சுலின் போடும் அண்ணன் தோலைப் பிடிக்கத் தேவையில்லை என்றார்; அது அவருடைய சிறிய ஊசிக்குப் பொருந்தும். நான் தொடைத் தோலை மெல்லப் பிடித்து, பேனாவைச் செங்குத்தாக அழுத்தி, ‘டிக்’ என்றதும் எடுக்காமல், பேனாவில் உள்ள ஜன்னல் முழுவதும் மஞ்சளாகும்வரை பொறுத்தேன். முன்பு அவசரமாக எடுத்ததில் மருந்து தோல்மேல் வழிந்திருந்தது.

இனி பழைய கிழமைக்குத் திரும்புவதா, புதிய நாளிலிருந்து பதினான்கு நாள் எண்ணுவதா என்பதை அடுத்த வாரம் மருத்துவரிடம் கேட்பேன்.